வாசனையே வராத ஆபத்து: காலாவதியான புகைமீன் பாக்கெட்

வணக்கம். இன்று சமையல் எதுவும் கிடையாது. ஃபிரிட்ஜைத் துடைக்கலாம் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்தேன். கீழ்த்தட்டின் மூலையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால், இது கிடைத்தது. கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். புகையூட்டிய சால்மன், காற்றை உறிஞ்சி எடுத்து ஒட்டிய பாக்கெட். தேதி முடிந்து 12 நாள் ஆகிறது.

இப்போது இதன் தோற்றத்தைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் மீனோடு தோல்போல ஒட்டியிருக்கிறது. உப்பவில்லை. நிறம் மாறவில்லை. கசிவும் இல்லை. எனக்கே முதலில் கை பிரிக்கத்தான் போனது. "முகர்ந்து பார்ப்போம், நாறவில்லை என்றால் சாப்பிடுவோம்" என்பதுதானே நம் எல்லோருடைய வழக்கம்? மற்றப் பல உணவுகளில் அந்த வழக்கம் ஓரளவு காப்பாற்றும். இந்தப் பாக்கெட்டில் மட்டும் மூக்கை நம்ப முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

காற்றுப்பட வைத்த மீன் கெடும்போது நாறுகிறது, பிசுபிசுக்கிறது. அது சாதாரணக் கெடுக்கும் கிருமிகளின் வேலை. அவை ஒருவகையில் நமக்கு எச்சரிக்கை மணி. புகையூட்டும்போது அவற்றில் பெரும்பகுதி செத்துப்போகிறது அல்லது அடங்கிவிடுகிறது. ஆனால் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமிக்கு வித்து உண்டு, அதாவது சூட்டையும் தாங்கி உறங்கிக்கிடக்கும் ஒரு வடிவம். நீர்நிலைகளின் அடிச்சேற்றில் கிடக்கும் அந்த வித்து மீனின் குடலிலும் செவுளிலும் ஒட்டி வருகிறது. சூடான புகையில் மீனின் நடுப்பகுதி 60, 70 டிகிரி செல்சியஸ் தொட்டாலும் வித்து சாவதில்லை. குளிர்ப்புகை என்றால் மீன் வேகவே இல்லை, பச்சை மீன்தான். அதற்குப் பிறகு நாம் காற்றையும் எடுத்துவிடுகிறோம். இந்தக் கிருமிக்கோ காற்று ஆகாது. காற்றில்லாத இடத்தில்தான் அது முளைத்து வளரும், வளரும்போது கொடிய நச்சைச் சுரக்கும். போட்டிக்கு நின்ற கிருமிகளை ஒதுக்கி, காற்றையும் வெளியேற்றி, வீட்டைக் காலிசெய்து சாவியைக் கையில் கொடுத்ததுபோல ஆகிறது.

"ஃபிரிட்ஜில்தானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். பாட்டுலினத்தில் எல்லாம் ஒரே வகை இல்லை. டப்பாக் காய்கறியில் பேர்போன வகைகளுக்குக் குறைந்தது 10 டிகிரியாவது வேண்டும். மீனில் அதிகம் காணப்படும் ஈ வகை சுமார் 3 டிகிரியிலிருந்தே வளரும். மெதுவாக வளரும், ஆனால் வளரும். அதோடு அது புரதத்தைச் சிதைக்காத வகை. அதனால்தான் நாற்றமும் வருவதில்லை. வாயு குறைவாகவே உண்டாகலாம் என்பதால் பாக்கெட் உப்பியே ஆகவேண்டும் என்றும் இல்லை. உப்பினால் தூக்கிப்போட வேண்டும், அது சரி. உப்பவில்லை என்பதை மட்டும் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த வெப்பமானியை நேற்றிரவே பாக்கெட் கிடந்த தட்டில் வைத்தேன். காலையில் 7 டிகிரி காட்டியது. நான் 4 என்று நம்பிக்கொண்டிருந்தேன். பாக்கெட்டில் அச்சடித்த தேதி, அதில் எழுதியிருக்கும் குளிரில் வைத்தால்தான் செல்லும். இதன் பின்பக்கத்தில் "3 டிகிரிக்குள் வைக்கவும்" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஆக, என் வீட்டில் அந்தத் தேதி தொடக்கத்திலிருந்தே பொய்யாகிவிட்டது. பிரிட்டனில் காற்று நீக்கிய குளிர் உணவுக்கு, 3 முதல் 8 டிகிரி வரை வைக்கும்போது, வேறு தடுப்பு எதுவும் இல்லை என்றால் ஆயுள் 10 நாள்தான் என்று உணவுத் துறையின் வழிகாட்டுதலே இருக்கிறது.

அந்த "வேறு தடுப்பு" பெரும்பாலும் உப்புதான். அதிலும் மீனின் மொத்த எடைக்கு எவ்வளவு உப்பு என்பது கணக்கில்லை, மீனுக்குள் இருக்கும் தண்ணீருக்கு எவ்வளவு என்பதே கணக்கு. காற்று நீக்கிய புகைமீனுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் அளவு 3.5 சதவீதம். 100 கிராம் மீனில் 65 கிராம் தண்ணீரும் 2.5 கிராம் உப்பும் இருந்தால், 2.5ஐ இரண்டும் சேர்ந்த 67.5ஆல் வகுத்தால் 3.7 சதவீதம் வருகிறது. அந்த அளவைத் தாண்டிவிட்டது. உப்பை 1.8 கிராமாகக் குறைத்தால்? 2.7 சதவீதம்தான். நாக்குக்கு மென்மை, தடுப்புக்குப் பலவீனம். "உப்புக் குறைந்தது" என்று பெருமையாக எழுதிய பாக்கெட்டைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் பயம்தான். 3.5 இருந்தாலும் அது குளிரோடு சேர்ந்துதான் காவல் நிற்கிறது. தனியாக நிற்காது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 1963இல் அமெரிக்காவின் பேரேரிகளில் பிடித்துப் புகையூட்டி, காற்று நீக்கி ஒட்டிய மீன் தொலைவான ஊர்களுக்குப் போனது. வழியில் போதிய குளிர் இல்லை. சாப்பிட்டவர்களில் பலர் ஈ வகை நச்சால் இறந்தார்கள். புகைமீன் விதிகள் இறுகியதற்கு அந்தச் சம்பவம் ஒரு பெரிய காரணம்.

இந்த நச்சு நரம்புமுனையில், தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் வேதிப்பொருளை வெளியே விடாமல் அடைத்துவிடுகிறது. பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தெரியவரும். சிலருக்கு நாள்கணக்கில் தள்ளிப்போகும். முதலில் வாந்தி வரலாம். பிறகு ஒன்று இரண்டாகத் தெரியும், இமை கீழே விழும், வாய் உலரும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. தலையிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கும். காய்ச்சல் இருக்காது, நினைவும் தெளிவாக இருக்கும். அதனால் பலர் வெறும் களைப்பு என்று படுத்துவிடுகிறார்கள். படுக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய், "புகைமீன் சாப்பிட்டேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நச்சுமுறி மருந்து உண்டு. ஆனால் அது ரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே நரம்பைப் பற்றியதை விடுவிக்காது. அதனால்தான் நேரம் முக்கியம்.

"நன்றாகக் கொதிக்கவைத்தால் போகாதா?" உண்மைதான், நச்சு சூட்டில் அழியும். மீனின் நடுப்பகுதி முழுவதும் 85 டிகிரியை 5 நிமிடம் தாங்க வேண்டும். புகைமீனை அப்படி யார் சமைக்கிறார்கள்? அப்படியே ரொட்டியில் வைப்போம். 12 நாள் தாண்டிய ஒரு பாக்கெட்டை மீட்க அந்தக் கணக்கோடு நான் சூதாட மாட்டேன். ருசி பார்ப்பதும் வேண்டாம். ஒரு துணுக்கே போதும்.

இந்தப் பாக்கெட்டில் நச்சு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அநேகமாக இருக்காது, இந்த நச்சால் வரும் பாட்டுலிசம் என்ற நோய் அபூர்வம். இருக்கிறதா இல்லையா என்று வீட்டில் சொல்ல வழியில்லை என்பதுதான் சிக்கல். எனவே பிரிக்காமலே இன்னொரு பையில் போட்டுக் கட்டுகிறேன். இதோ, குப்பைக்குப் போகிறது.

இன்னொன்று. இது உறைபெட்டியில் கிடந்த மீன், இதுவும் காற்று நீக்கியது. உறைந்திருக்கும்வரை கிருமி வளராது, ஆனால் வித்து சாகவும் இல்லை. நாளைக்கு வேண்டும் என்பதால் இப்போது ஃபிரிட்ஜில் இறக்குகிறேன். இறக்குவதற்கு முன் கத்தரியால் ஒரு பக்கம் முழுக்க வெட்டிவிடுகிறேன், காற்று உள்ளே போகட்டும். கீழே ஒரு தட்டு வையுங்கள், தண்ணீர் வடியும். போன முறை நான் வைக்க மறந்ததால்தான் இன்று இந்த ஃபிரிட்ஜைத் துடைக்க வேண்டி வந்தது.