எந்த ஃபேஜ், எந்தக் கிருமிக்கு?
(நாகர்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஆன்டிபயாடிக் எதுவும் கேட்காத புண்ணுக்கு ஃபேஜ் வைத்தியம் உண்டாமே, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கிடைக்காது. ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஃபேஜ் என்பது பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும் வைரஸ். மனித செல்லைத் தொற்றாது. சாக்கடையில் ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு ஃபேஜ் ஒரே இனத்திலும் சில வகைகளை மட்டுமே பிடிக்கும். சாளைக்கு விடும் வலையில் நெய்மீன் மாட்டுமா? அது போலத்தான்.

அதனால் நோயாளியின் கிருமியிலேயே சோதிக்க வேண்டும். அதைத் தட்டில் பரப்பி, மேலே ஃபேஜ் சொட்டு வைத்து, இரவு முழுக்க 37 டிகிரியில் விடுவார்கள். மங்கலான படலத்தில் சொட்டு விழுந்த இடம் மட்டும் தெளிந்திருந்தால் நம்பிக்கை. ஆனால் அவசரப்படக் கூடாது. ஃபேஜைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்க வைத்துப் பார்க்கும்போதும் தனித்தனிப் புள்ளிகள் விழ வேண்டும். அடர்த்தியான சொட்டு மட்டும் தெளிந்தால், ஃபேஜ் உள்ளே பெருகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

சரி, பொருந்தும் ஃபேஜ் கிடைத்துவிட்டது. அப்புறம்?

2015 கடைசியில் எகிப்துக்குப் போன டாம் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியருக்கு, அசினெட்டோபாக்டர் பௌமானி என்ற கிருமி வயிற்றில் தொற்றியது. மருந்துகள் தோற்று, கோமாவில் கிடந்தார். 2016 மார்ச்சில் சான் டியாகோவில், அவருடைய கிருமிக்கென்று தேடி எடுத்த ஃபேஜ் கலவையைக் குழாய் வழியே வயிற்றுச் சீழ்க்கட்டிக்குள் விட்டார்கள். பிறகு இன்னொரு கலவையை நரம்பு வழியே ஏற்றினார்கள். சில நாளில் கண் விழித்தார். ஆனால் மறுபடி எடுத்த கிருமி, அதே ஃபேஜ்களுக்கு அசையவில்லை.

அந்த ஃபேஜ்கள் ஒட்டிக்கொள்வது கிருமியின் மேலுறையில். உறை உருவாக்கும் மரபணு கெட்டுப்போன கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகிவிட்டன. இதில் ஒரு நல்லதும் உண்டு. நம் உடலின் எதிர்ப்பிலிருந்து கிருமியைக் காப்பதும் அந்த உறைதான். அதை இழந்த கிருமி பலவீனப்பட வாய்ப்பு அதிகம். ஆனாலும் மருத்துவர்கள் அதை நம்பிச் சும்மா இருக்கவில்லை. மாறிய கிருமியைக் கொண்டே கழிவுநீரில் புதிய ஃபேஜைத் தேடிப் பிடித்தார்கள். மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் கூடவே போனது. ஆகஸ்டில் வீடு திரும்பினார்.

ஒருவர் பிழைத்ததை வைத்து எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆன்டிபயாடிக்கும் கொடுத்திருந்ததால், எது எவ்வளவு காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

நம் மாவட்டத்தில் ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். கல்ச்சர் ரிப்போர்ட் கொடுத்ததும் லேப்களில் அந்தத் தட்டைப் பெரும்பாலும் அழித்துவிடுவார்கள். கிருமி இல்லாமல் ஃபேஜ் தேட வழியே இல்லை. எந்த மருந்தும் கேட்கவில்லை என்று ரிப்போர்ட் வந்தால், அந்தக் கிருமியை உறைய வைத்துப் பாதுகாக்க முடியுமா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.