நிற்கிற காசும் எரிகிற காசும்

எல்லோருக்கும் வணக்கம். குடும்பப் பொருளாதாரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொருளாதாரம் எனக்குத் தெரியாது, குடும்பம் கொஞ்சம் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் கார் வாங்கிய கதையைச் சொல்கிறேன். அண்ணை ரொறன்ரோவில், நான் இங்கே. இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு இதே கணக்குத்தான் என்று நினைக்கிறேன். பின்வரிசையில் சிரிக்கிறவர்களுக்குக் கட்டாயம் அதே கணக்குத்தான்.

அப்பாவும் அம்மாவும் சாவகச்சேரியில் தனியே இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு நாள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக். போய்வர முப்பது கிலோமீற்றருக்கு மேல். அம்மாவுக்கு முழங்கால் மடிக்க ஏலாது. ஓட்டோவில் போய் வந்த அன்று இரவு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருப்பா. ஒரு நாள் அண்ணை எடுத்தார்.

"டேய், ஒரு கார் வாங்குவம். காசு முழுக்க நான் போடுறன். நீ பார்த்துக்கொள்."

கேட்கத் தேன் போல இருந்தது. அந்த "பார்த்துக்கொள்" என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு காசு இருக்கிறது என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. அன்று இரவு பிள்ளையின் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

நாங்கள் பார்த்து வைத்தது ஒரு பழைய வேகன் ஆர், 54 இலட்சம் சொன்னார்கள். மாதம் 250 கிலோமீற்றர் ஓடினால் பெற்றோலுக்கு ஐயாயிரம் ரூபா. அப்பாவும் நானும் ஓட முடியாத நாட்களுக்கு அயலில் ஒரு பெடியன் வருவான், ஒரு பயணத்துக்கு 1,500, மாதம் நாலு பயணம். முழுக் காப்புறுதி வருடத்துக்கு 65,000. ஓட்டம் குறைவென்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றத்தான் வேண்டும். அப்புறம் வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயருக்கும் பற்றரிக்கும் ஒதுக்கி வைக்கிற காசு. கூட்டிப் பார்த்தால் வருடம் மூன்று இலட்சம். ஆறு வருடம் வைத்திருந்தால் 18 இலட்சம்.

அடுத்த ஞாயிறு அண்ணையிடம் சொன்னேன். "அண்ணை, உங்கட காசு நிக்குது. என்ர காசு எரியுது."

"என்னடா சொல்லுறாய்?"

"நீங்கள் போடுற 54 இலட்சமும் முற்றத்தில நிக்கும். நாளைக்கு வித்தால் பெரும்பங்கு திரும்பி வரும். நான் பெற்றோலுக்கும் ஒயிலுக்கும் போடுறது புகையாப் போயிடும். ஆனால் ஊரில, அண்ணன் கார் வாங்கிக் குடுத்தவர், தம்பி ஓடித் திரியிறான் எண்டுதான் சொல்லுவினம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "அப்ப ஓட்டச் செலவையும் நானே அனுப்புறன்" என்றார்.

"அப்படியெண்டால் நான் உங்கட டிரைவர்."

இன்றைக்கு யோசித்தால், அதைச் சொன்னது என் ரோசம். சம்பளத்தில் கடன் கழிக்கிறவன் அப்படிப் பேசியிருக்கத் தேவையில்லை. ஆனாலும் ரோசத்துக்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. காசு முழுக்க ஒருவர் போட்டால் டயர் மாற்றுவதற்கும் அவரைக் கேட்க வேண்டி வரும். அவர் நித்திரையாக இருக்கிற நேரத்தில்தான் இங்கே டயர் வெடிக்கும்.

மூன்று ஞாயிறு பேசினோம். கடைசியில் வாங்குகிற காசில் அண்ணை 44, நான் 10 என்று முடிந்தது. என் பங்கைக் கூட்டலாம், லீசிங் போடுகிறேன் என்று நான் சொன்னபோது அண்ணை மறித்தார். அது சரி. லீசிங் போட்டால் கடன் முடியும் வரை வாகனப் புத்தகத்தில் முழு உரித்தாளர் என்ற இடத்தில் கொம்பனியின் பெயர்தான் இருக்கும். பிறகு அண்ணன் தம்பி யார் முடிவெடுப்பது என்று பேச என்ன இருக்கிறது? ஓட்டச் செலவு தனிக் கணக்கு. மாதம் அவர் 15,000, நான் 10,000. அந்தக் கணக்கிலிருந்து காருக்குத் தவிர வேறெதற்கும் எடுக்கக்கூடாது.

அடுத்து, யாருடைய பெயரில்? அண்ணையின் பெயரில் என்றால் விற்கிற நேரம் அவர் வர வேண்டும், இல்லாவிட்டால் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்ப வேண்டும். அப்பாவின் பெயரில் போட்டால் மனதுக்கு நிறைவு. ஆனால் அவருக்குப் பிறகு அது வாரிசுச் சொத்து, கிளிநொச்சியில் இருக்கிற தங்கச்சி உட்பட எல்லோரும் சம்பந்தப்படுவோம். தரகர் மூன்றாவதாக ஒரு வழி சொன்னார். பெயரே மாற்ற வேண்டாம், விற்றவர் கையெழுத்து வைத்த படிவத்தை அப்படியே வைத்திருங்கள், விற்கும்போது லேசு என்றார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் தேடுவது புத்தகத்தில் பெயர் இருக்கிறவரை. நீங்கள் முகம்கூட மறந்துபோன ஒருவரை அப்போது எங்கே தேடுவது?

என் பெயரில் பதிந்தோம். அண்ணைக்கு அது கொஞ்சம் கசந்தது, மறைக்கவில்லை. அதனால்தான் ஒரு தாள் எழுதினோம். விற்றால் வருகிற காசு முதலில் அப்பா அம்மாவின் வைத்தியத்துக்கு, மிச்சம் 44க்கு 10. ஓட்டச் செலவை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. 25,000 ரூபா வரைக்கும் திருத்த வேலையை நானே முடிவு செய்யலாம், மேலே போனால் அண்ணையிடம் கேட்க வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டோம். சொந்தச் சகோதரத்துக்குள் எழுத்து எதற்கு என்று மாமா ஒருவர் கோபித்தார். காணி எல்லைக்காக இருபது வருடம் தன் அண்ணனோடு பேசாமல் இருப்பவர் அவர்.

இரண்டு விசயத்தில் எங்கள் இருவருக்கும் முடிவெடுக்கும் உரிமை இல்லை என்று பிறகுதான் விளங்கியது. ஒன்று, எந்தக் கார் என்பது. அண்ணைக்குத் தாழ்வான நீளக் கார்தான் பிடித்தது. படம் எடுத்தால் வடிவாக இருக்குமாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டிலும் இருத்திப் பார்த்தேன். தாழ்வான காருக்குள் ஒரு கையால் கதவையும் மறு கையால் என் தோளையும் பிடித்துத்தான் இறங்கினா. வேகன் ஆரில் சீற் உயரம், கதிரையில் இருக்கிற மாதிரி இருந்தா, பக்கவாட்டில் திரும்பினா, காலை நிலத்தில் வைத்தா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மற்றது, அப்பா ஓடலாமா என்பது. அவருக்கு 74 வயது, வலக் கண்ணில் புரை. ஊருக்குள் ஓடட்டும் என்றார் அண்ணை. வேண்டாம் என்றேன் நான். அப்பா இருவருடனும் இரண்டு நாள் பேசவில்லை. கடைசியில் கண் டொக்டரிடம் விட்டோம். ஒப்பரேஷன் முடிந்து தான் சொல்லும்வரை ஸ்ரியரிங்கைத் தொடக்கூடாது என்றார் அவர். நாங்கள் சொன்னபோது கேட்காத அப்பா, டொக்டர் சொன்னதும் சாவியைக் கொண்டுவந்து சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார்.

கார் வந்து ஐந்தாம் மாதம், ஒரு காலை ஸ்ரார்ட் வரவில்லை. ஓட்டம் இல்லாமல் நின்ற காருக்குள் எலி புகுந்து வயரைக் கடித்திருந்தது. பொனற்றைத் திறந்தால் தேங்காய்த் தும்பும் பழைய சீலைத் துண்டுமாக ஒரு கூடு. கராஜில் 31,500 சொன்னார்கள். அம்மாவுக்கு அடுத்த நாள் கிளினிக். எங்களுக்குக் காலை பதினொரு மணி, அங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை. தாளில் எழுதியபடி அண்ணைக்குக் கோல் எடுத்தேன். நாலாம் மணியடியில் தூக்கக் கலக்கத்தோடு எடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"செய்யச் சொல்லு. அந்தத் தாளில இருபத்தஞ்சை வெட்டிப்போட்டு நாற்பது எண்டு எழுது. எழுதிப்போட்டுப் படம் எடுத்து அனுப்பு, விடிய கையெழுத்து வைக்கிறன்."