ஆண்டு விழாவுக்கு முந்தைய ஒரு மாதம்: மகளின் பரதநாட்டிய வகுப்பு ரிவ்யூ

எல்லாருக்கும் வணக்கம். மகள் போகும் பரதநாட்டிய வகுப்பு எப்படி இருக்கிறது, சேர்க்கலாமா என்று கமெண்டில் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வகுப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆண்டு விழா முடியட்டும், அப்புறம் பேசலாம் என்றுதான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன். சேரும் நாளில் எல்லா டீச்சருமே பொறுமைசாலிதான். விழா நெருங்கும் மாதத்தில்தான் நிஜம் தெரியும்.

முதலில் டீச்சர். மகளுக்கு ஏழு வயது, அடிப்படை அசைவுகளான அடவுகளில் தட்டடவு முடித்து நாட்டடவில் இருக்கிறாள். தட்டடவில் மூன்றாவதாக ஒன்று வரும். ஒரு காலில் மூன்று தட்டு, ஒரு தட்டுக்கு இடைவெளி, பிறகு அடுத்த காலில் மூன்று. முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், இவள் அழகாகச் செய்வாள். இரண்டாம் காலத்திலும் ஓடிவிடும். மூன்றாம் காலம் வந்தால் அந்த இடைவெளியை முழுங்கிவிடுவாள், அடுத்த கால் முன்கூட்டியே விழும். வேகம் போதவில்லை என்று நினைத்து நான் வீட்டில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? ஆடுவதையே நிறுத்திவிட்டு உட்கார வைத்தார். கையால் தாளம் போட்டு வாயால் சொல்லுக்கட்டை, அதாவது அடவுக்கான தாளச் சொற்களை, சொல்லச் சொன்னார். இடைவெளி வரும் இடத்தில் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அது சரியாக வந்த பிறகுதான் எழுப்பி நிற்க வைத்தார். அடுத்த வகுப்பிலும் அதே, அதற்கடுத்த வகுப்பிலும் அதே. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. தட்டுக்கழியை அவர் பலகையில் தட்டித்தான் பார்த்திருக்கிறேன், குழந்தைகள் பக்கம் நீட்டிப் பார்த்ததில்லை.

பொறுமையைப் பார்க்க வேண்டுமென்றால் சிரித்துப் பேசுகிறாரா என்று பார்க்காதீர்கள். ஒரே தப்பை ஒரு குழந்தை நாலாவது முறை செய்யும்போது அவர் வேறு வழியில் சொல்லிக்கொடுக்கிறாரா, இல்லை அதே வார்த்தையைச் சத்தமாகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். இந்த விஷயத்தில் இந்த டீச்சருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

ஆனால் விழாவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அடவு வகுப்பே நின்றுவிட்டது. முழுக்க ஒத்திகைதான். இவர்கள் பேட்சுக்குத் தொடக்க வணக்க நடனமான புஷ்பாஞ்சலி, ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. தெரிந்த அடவுகளையே கோத்து அமைத்திருந்தார், அது நல்ல முடிவு. சிக்கல் பாட்டில் வந்தது. டீச்சரே தட்டிச் சொல்லுக்கட்டு சொல்லும்போது, ஒரு குழந்தை தடுமாறினால் அவர் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்வார், குழந்தை வந்து சேர்ந்துகொள்ளும். பதிவு செய்த பாட்டுக்கு அந்தக் கருணை கிடையாது, அது பாட்டுக்கு ஓடும். பழகிய பிள்ளைகள்கூட ஆரம்பத்தை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் பாட்டை நிறுத்தி, அதே இடத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டார். சலித்துக்கொள்ளவில்லை, சரி. ஆனால் பாட்டு கைக்கு வந்ததே விழாவுக்கு மூன்று வாரம் முன்புதான். ஒரு மாதத்துக்கு முன்பே பெற்றோருக்கு அனுப்பியிருந்தால் வீட்டில் கேட்டே பாதி பழகியிருப்பார்கள்.

அப்புறம் அரைமண்டி, அதாவது முழங்காலை வெளிப்பக்கம் மடித்துப் பாதி உட்கார்ந்த நிலை. பெற்றோர் யாரும் இதைக் கவனிப்பதில்லை. வேகமான பாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் குழந்தைகள் களைத்துப்போய் மெல்ல மெல்ல எழுந்து நின்றுவிடுவார்கள். பாட்டின் தொடக்கத்தில் ஒரு வீடியோ, முடிவில் ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள், தலையின் உயரமே காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, முழங்கால் பாதம் பார்க்கும் திசையிலேயே வெளிப்பக்கம் விரிந்திருக்க வேண்டும். உள்ளே மடிந்து விழுந்தால் அந்தக் கோணலோடு தட்டும் ஒவ்வொரு தட்டும் முழங்காலுக்குச் சுமையாகும். நாலாவது வாரத்தில் என் மகளுக்கு இடது முழங்கால் உள்ளே விழ ஆரம்பித்தது. சொன்னவுடன் டீச்சர் அவளை மட்டும் ஓரமாக நிறுத்தி, தட்டாமல் வெறும் கை அசைவை மட்டும் செய்ய வைத்தார். ஒத்திகை நெருக்கத்தில் அதைச் செய்ய மனசு வேண்டும். விழா முடிந்ததும் எல்லாரையும் முதல் காலத்துக்கே கொண்டுபோய்விட்டார். சில அம்மாக்களுக்கு அது பிடிக்கவில்லை, "பின்னாடி போறாங்களே" என்றார்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

சரி, கட்டண விஷயம். இங்கேதான் என் குறை. மாதக் கட்டணம் நியாயம், வாரம் இரண்டு வகுப்பு. நாம் போகாத வகுப்புக்கு ஈடு கிடையாது, விடுமுறை மாதத்துக்கும் கட்ட வேண்டும். இதெல்லாம் சேரும்போதே சொன்னார்கள். சொல்லாதது விழாச் செலவு. காஸ்ட்யூமும் நகையும் வாடகைக்கு எடுத்தது கிட்டத்தட்ட ஒன்றரை மாதக் கட்டணம். மேக்கப்புக்கும் சவுரி வைத்துத் தலை பின்னுவதற்கும் ஒரு மாதம். அரங்க வாடகையில் நம் பங்கு ஒரு மாதம். வீடியோ, போட்டோவுக்கு அரை மாதம். மொத்தம் நாலு மாதக் கட்டணம், அதுவும் மூன்று வாரத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக வந்தது. ஆக வருடத்துக்குப் பன்னிரண்டு மாதக் கட்டணம் என்று கணக்குப் போட்டிருந்த வீட்டில் பதினாறாகிவிட்டது. கூடுதல் ஒத்திகைக்குத் தனியாக வாங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் சேர்க்கும்போது மாதக் கட்டணத்தோடு நிறுத்தாமல், போன வருட விழாவுக்கு ஒரு குழந்தைக்கு மொத்தம் என்ன செலவானது என்று கேளுங்கள். காஸ்ட்யூம் தைக்கணுமா, வாடகையா என்றும் கேளுங்கள். இந்த வயதில் தைத்தால் அடுத்த விழாவுக்கு இடுப்பும் உயரமும் பத்தாமல் போய்விடும், உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொன்னாலும் அது ஓரளவுக்குத்தான்.

கடைசியாக, எதிர்பார்ப்பு. பெற்றோர் குழுவில் பெரிய சண்டையே யார் முன்வரிசை என்பதில்தான். டீச்சர் உயரத்தை வைத்து நிறுத்தினார். பாட்டின் நடுவில் வரிசை மாறும்படியும் அமைத்திருந்தார், எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்ச நேரமாவது முன்னால் இடம் கிடைத்தது. இரண்டாவது வருடத்திலேயே தனியாக ஒரு உருப்படி ஆட வைக்கச் சொல்லி ஒருவர் கேட்டார். முதலில் கற்கும் உருப்படியான அலாரிப்பே இன்னும் தொடங்கவில்லை என்று டீச்சர் நேராகச் சொல்லிவிட்டார். அதிகப் பணம் தருகிறோம் என்றும் பேச்சு வந்தது, அவர் அசையவில்லை.

அடுத்த வருடத்துக்கும் இங்கேயேதான் சேர்த்திருக்கிறேன். விழாச் செலவை இரண்டு மாதம் முன்பே பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தருகிறேன் என்றிருக்கிறார். பாட்டையும் சீக்கிரம் கேட்டிருக்கிறேன், அதற்கு இன்னும் பதில் இல்லை. உங்கள் பிள்ளைகள் வகுப்பில் விழாச் செலவு எத்தனை மாதக் கட்டணத்துக்குச் சமமாக வருகிறது என்று கமெண்டில் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்.