32 ஒயரை ஒரு லேன் எப்படி முந்தியது?

வணக்கம் மக்களே. போன வீடியோவில் கம்ப்யூட்டரில் செருகும் பழைய பிசிஐ கார்டைக் காட்டினேன், இல்லையா? 32 டேட்டா ஒயர் இருந்தும் நொடிக்கு 133 எம்பிதான். பிசிஐ எக்ஸ்பிரஸின் முதல் தலைமுறையில் ஒரே ஒரு லேன், அதாவது திசைக்கு ஒரு ஜோடி ஒயர், அதிலேயே ஒரு திசைக்கு 250 எம்பி என்றேன். "ஒயரைக் குறைத்தால் வேகம் எப்படி ஏறும், கதை விடாதே" என்று கமெண்டில் பிடித்துக்கொண்டீர்கள். சரி, ஆசிலோஸ்கோப்பையே மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஒரே சிக்னல். அதை டீ கனெக்டரில் பிரித்து இரண்டு கோஆக்ஸ் கேபிளில் அனுப்புகிறேன். ஒன்று மற்றதைவிட 1 மீட்டர் நீளம். இந்த டீ இருக்கிறதே, தொட்டாலே ஆடுகிறது. நேற்று முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டினேன். கடைசியில் கீழே ஒரு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தபிறகுதான் அசையாமல் நின்றது. இப்போது பாருங்கள், என்ன அழகு! மஞ்சள் கோடு ஏறி முடித்துச் சுமார் 5 நானோ நொடி கழித்துத்தான் நீலக் கோடு ஏறுகிறது. ஆ, மறந்துவிட்டேன்: இரண்டு சானலையும் 50 ஓமில் வைத்திருக்கிறேன். 1 மெகா ஓமிலேயே விட்டால் சிக்னல் முட்டித் திரும்பி, கோடு படிப்படியாக ஏறும்.

இந்த இடைவெளிதான் ஸ்கியூ. ஒன்றாகக் கிளம்பிய பிட்டுகள் ஒன்றாக வந்து சேராது. நீளம் மட்டும் காரணமில்லை. சிப்பின் ஒவ்வொரு பின்னும் கொஞ்சம் வேறு நேரத்தில் தள்ளும், பக்கத்து ஒயரில் ஓடுவது இதைக் கொஞ்சம் முன்பின் இழுக்கும்.

பிசிஐ 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும், அதாவது ஒரு சுற்றுக்கு 30 நானோ நொடி. அதை இப்படிப் பங்கு போட்டிருந்தார்கள்: சிப் டேட்டாவை வெளியே தள்ள 11, அது பஸ்ஸில் ஓடி அடங்க 10, எதிர்முனை பிடிப்பதற்கு முன்னால் அசையாமல் நிற்க 7, இரு முனையிலும் கிளாக் வந்து சேரும் வித்தியாசத்துக்கு 2. மீதி பூஜ்யம்! அதுவும் 32-இல் எது மெதுவோ அந்தப் பிட்டுக்குத்தான் கணக்கு. 66 மெகாஹெர்ட்ஸுக்குப் போனபோது இருந்ததே 15. ஓடி அடங்குவதற்கு 5 நானோ நொடிதான் கிடைத்தது, ஸ்லாட்டுகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. அதே பேரலல் பிசிஐயை வேகமாக்கிய பிசிஐ-எக்ஸ் 133-இல் ஒரே ஸ்லாட்தான். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது: வேகம் வேண்டுமா, கார்டைக் கழற்று!

கிளாக்கையும் டேட்டாவோடு சேர்த்து அனுப்பலாமே என்பீர்கள். அனுப்பினார்கள். பயண நேரம் கணக்கிலிருந்து கழன்றுவிடும், ஸ்கியூ கழலாது. ஒயருக்கு நொடிக்கு 100 கோடி பிட் என்றால் ஒரு பிட்டுக்கு 1 நானோ நொடி. போர்டில் சிக்னல் நானோ நொடிக்குச் சுமார் 15 செ.மீ. ஓடும். ஒரு டிரேஸ் 10 செ.மீ. கூடுதலாக இருந்தால் 0.7 நானோ நொடி காலி. பிட்டில் பெரும்பகுதி போய்விட்டது.

சீரியல் லேன் இங்கேதான் ஆட்டத்தையே மாற்றியது. கூடவே கிளாக் ஒயர் வராது. டேட்டா ஏறி இறங்கும் விளிம்புகளைப் பார்த்தே ரிசீவர் தன் கிளாக்கைச் சரிசெய்துகொள்ளும். தொடர்ந்து பூஜ்யமாகவே வந்தால் விளிம்பு இருக்காதே? அதற்காகத்தான் முதல் தலைமுறையில் 8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்பினார்கள். அதில் ஒரே மதிப்பு தொடர்ந்து 5 பிட்டுக்கு மேல் வராது. 20 சதவீதம் அதற்கே போனது, போகட்டும்.

4 லேன், 16 லேன் போட்டால் மறுபடி ஸ்கியூ வராதா? நன்றாக வரும். முதல் தலைமுறையில் ரிசீவருக்குள் நுழையும்போது லேன்களுக்கிடையே 20 நானோ நொடி வரை அனுமதி. அப்போது ஒரு பிட்டே 0.4 நானோ நொடிதான்! 50 பிட் பின்தங்கி வந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு லேனும் தனித்தனியாகப் பிட்டைப் பிடித்துவிடும். இணைப்பு தொடங்கும்போது எல்லா லேனிலும் ஒரே நேரத்தில் காமா என்ற குறி போகும். அது எந்த லேனில் முந்தி வந்ததோ, அந்த லேனின் டேட்டாவைச் சின்ன பஃபரில் நிறுத்தி வைத்து மற்றவற்றோடு வரிசைப்படுத்துவார்கள். காப்பர் நீளத்தை அறுத்துச் சரிசெய்த வேலை சிப்புக்குள் எண்ணும் வேலையாகிவிட்டது.

அதற்காக டிரேஸை இஷ்டத்துக்கு இழுக்க முடியாது. ஒரு லேனின் ஜோடியில் இருக்கும் இரண்டு ஒயரும் எதிரெதிராக ஆட வேண்டும். அவற்றுக்குள் வித்தியாசம் வந்தால் எந்த பஃபரும் காப்பாற்றாது, விளிம்பே மழுங்கிவிடும். மதர்போர்டில் ஜோடியில் ஒரு கோடு மட்டும் திருப்பத்துக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டியாக நெளிந்திருப்பதைப் பாருங்கள், அது இதற்காகத்தான்.

"அப்போ ரேம் ஏன் இன்னும் பேரலல்?" என்று அடுத்து கேட்பீர்கள். சீரியலாக்கிக் குறியேற்றி, பஃபரில் நிறுத்தி எடுக்கத் தாமதமாகும். பிராசஸர் அவ்வளவு நேரம் காத்திருக்க விரும்பாது. அதனால் அங்கே வழக்கமாக 8 டேட்டா ஒயருக்கு, எப்போது பிடிக்க வேண்டும் என்று காட்டும் ஒரு ஸ்ட்ரோப் சிக்னல் என்று சின்னச் சின்ன கும்பலாகப் பிரித்து, மெஷினை ஆன் செய்யும்போதே ஒவ்வொரு கும்பலின் நேரத்தையும் தேடிப் பிடிக்கிறார்கள். புது ரேம் போட்டதும் முதல் தடவை திரை வெகுநேரம் கறுப்பாகவே நிற்கிறதே, பெரும்பாலும் இந்தத் தேடல்தான் நடக்கிறது. பயந்துபோய் பவரை அணைக்காதீர்கள்.