ஒரு காம்பு கன்றுக்கு

அவைத் தலைவர் அவர்களே, மேடை போட இடம் தந்த கோயில் தர்மகர்த்தா ஐயா அவர்களே, மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிய ஈரக் கையோடு வந்திருக்கும் வியாசர்பாடிப் பால்கார அண்ணன்மார்களே, வந்துகொண்டிருக்கும் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கன்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். என் ஆயா இதைச் சொல்லாத நாள் கிடையாது. நான் வேலூரில் விடுதியில் படித்தேன். பொங்கல் லீவு முடிந்து திரும்பியதும், “லட்சுமி தினம் சாயங்காலம் ஏன் அப்படிக் கத்துது? காளைக்கா?” என்று எழுதிக் கேட்டேன். இன்லேண்டு லெட்டரில் பதில் வந்தது. அது இதோ என் கையில் இருக்கிறது, வாசிக்கிறேன்.

“கண்ணு, காளைக்குக் கத்துற மாடு 21 நாளைக்கு ஒருதரம் கத்தும். நேரம் காலம் பார்க்காது. பின்னாடி கண்ணாடி மாதிரி கோழை வடியும். லட்சுமிக்கு அது இல்லை. கன்னுக்குட்டியை எர்ணாவூர் அத்தை வீட்டில் விட்டதிலிருந்து, கறக்குற நேரம் வந்தா வாயைத் திறந்து கத்துது. கன்னு பக்கத்தில் இருந்தப்ப வாயை மூடிக்கிட்டு ‘ம்ம்’னு கூப்பிடுமே, அது வேற.

காலையில் கறந்தப்புறம் பகலெல்லாம் மடி நிறையுது. சாயங்காலம்தான் கன்னை அவிழ்த்துவிடுவோம், முட்டி முட்டிக் குடிக்கும், பால் இறங்கும். இப்ப மடி கல்லா இருக்கு, கன்னைக் காணோம். நான் உட்கார்ந்தா பாலை ஏத்திக்குது. 3 லிட்டர் தர்ற மாடு முக்கால் லிட்டர்கூடத் தரலை. பால் தங்கினா மடிநோய் வந்துடுமோன்னு பயம். நேத்து கன்னு படுத்திருந்த கோணியை அது முகத்துக்கு முன்னாடி கட்டினேன். மோந்து மோந்து நக்குச்சு. வெதுவெதுன்னு துணியை நனைச்சு மடியைத் துடைச்சு, கன்னு முட்டுற மாதிரி கையால் முட்டிவிட்டேன். ஒண்ணரை லிட்டர் இறங்குச்சு. ஞாயித்துக்கிழமை கன்னைக் கூட்டியாந்துடறேன்.”

ஆயா கையால் செய்ததுதான் விஷயம். கன்று முட்டும்போது தாயின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து, மடிக்குள் இருக்கும் பாலைப் பிழிந்து காம்புக்குத் தள்ளுகிறது. அதற்கு ஒரு நிமிடம் போல ஆகும். அப்புறம் சில நிமிடம்தான் நிற்கும். மாடு மிரண்டால் அதுவும் நடக்காது. நாட்டுமாட்டுக்குக் கன்று இன்னும் அவசியம்.

நம் தெருக்களில் என்ன நடக்கிறது? கிடாரியில்லை, காளைக்கன்று என்றால் பத்து நாளில் தள்ளிவிடுகிறோம். அப்புறம் பால் இறங்கவில்லை என்று தினம் இரண்டு வேளை அதே ஆக்ஸிடோசினை ஊசியாகக் குத்துகிறோம். மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த மருந்தை வாங்குவதே தவறு. அண்ணன்மார்களே, நான்கு காம்பில் மூன்றைக் கறந்துகொள்ளுங்கள், ஒன்றைக் கன்றுக்கு விடுங்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்கணும், ஊசி குத்தி அல்ல.

மேடைக்குக் கீழே நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒரு காம்பு விடுகிறேன் என்பவர்கள் பெயரையும் மாட்டின் பெயரையும் எழுதுங்கள். மருத்துவர் அம்மா வந்துவிட்டார், மைக்கை அவரிடம் கொடுக்கிறேன்.