இருபது படங்களில் ஒரு கல்யாண வாழ்க்கை

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கனடா மாப்பிள்ளை என்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை திரும்பிப் போனதும், பெண்ணை அங்கே அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் ஃபைல் போடும் வேலை ஆரம்பமாகும். பாரம் நிரப்ப ஆள் கிடைப்பார்கள். படங்களை மட்டும், "அந்த ஆல்பத்திலிருந்து நாலு எடுத்துப் போடு" என்று கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறோம். இன்றைக்கு அந்தப் படங்களைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

முதலில், அதிகாரி எதைத் தேடுகிறார்? கனடாவின் குடியேற்ற விதிகளில் நான்காவது விதி இரண்டு கேள்விகளை வைக்கிறது. இந்தக் கல்யாணம் உண்மையானதா? குடியேற்றச் சலுகைக்காகத்தான் முக்கியமாக நடந்ததா? இரண்டில் ஒன்றில் பதில் பாதகமாக இருந்தாலே விண்ணப்பம் நிராகரிக்கப்படும். கல்யாணம் நடந்தது என்பதைச் சான்றிதழே காட்டிவிடும். படம் காட்ட வேண்டியது வேறு. இந்த இரண்டு பேரும் பல நாட்களில், பல இடங்களில், பல உறவுகளுக்கு நடுவே கணவன் மனைவியாகப் புழங்கினார்கள் என்பதைத்தான் அது காட்ட வேண்டும்.

எத்தனை படம் வைக்கலாம்? IMM 5533 என்ற சரிபார்ப்புப் பட்டியலில் உச்ச அளவு 20 படங்கள். பட்டியல் அவ்வப்போது மாறும், அனுப்பும் வாரத்தில் புதிதாக இறக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோக்காரர் பென்டிரைவில் கொடுப்பது ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் இருக்கும். அதிலிருந்து அழகான இருபதை எடுத்தால் அத்தனையும் முகூர்த்த நாள் படமாகத்தான் இருக்கும். ஒரே பட்டுச்சேலை, ஒரே மாலை, ஒரே மேடை. இருபது படம் வைத்தும் ஒரே ஒரு நாளைத்தான் சொன்னதாகும். இதுதான் நம் ஊர் ஃபைல்களில் அதிகம் நடக்கும் பிழை.

ஒரு ஜோடியை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். பெண் கொழிஞ்சாம்பாறை, பையன் டொராண்டோவுக்குப் பக்கத்தில் வேலையில் இருக்கிறான். 2023 மே மாதம் பையனின் அப்பா அம்மா வந்து பெண் பார்த்தார்கள். பையன் வீடியோவில்தான் பேசினான். ஆடி முடிந்து ஆகஸ்ட் 19 அன்று கொச்சியில் இறங்கினான். 20ஆம் தேதி இருவரும் முதல்முறையாக நேரில் பார்த்துக்கொண்டார்கள். 23 நிச்சயதார்த்தம், 29 திருவோணம், செப்டம்பர் 3 கல்யாணம், 12ஆம் தேதி பஞ்சாயத்தில் பதிவு, 24 அன்று அவன் திரும்பிவிட்டான். மறுபடி 2024 நவம்பர் 8 முதல் 26 வரை வந்து இருந்தான்.

நேரில் பார்த்துப் பதினான்கு நாளில் தாலி. நமக்கு இது இயல்பு. வெளியூர் அதிகாரிக்கு இதுவே முதல் கேள்வி. IMM 5532 என்ற உறவு விவரப் பாரம் முதல் தொடர்பு எப்போது, முதலில் நேரில் சந்தித்தது எப்போது என்று தனித்தனியாகக் கேட்கிறது. ஆகவே மே மாதம் பெற்றோர் பெண் வீட்டுக்கு வந்த படம் ஒன்று. அதில் பையன் இல்லையே என்று ஒதுக்காதீர்கள், இரு வீட்டாரும் பேசி முடித்த கல்யாணம் என்பதற்கு அதுதான் சாட்சி. ஆகஸ்ட் 20 சந்திப்பில் இரண்டு, நிச்சயதார்த்தத்தில் இரண்டு, ஓணத்தன்று இலை போட்டு உட்கார்ந்த படம் ஒன்று, கல்யாணத்தில் ஐந்து, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒன்று, மறுவீடும் உறவுக்காரர் விருந்தும் மலம்புழாவுமாக மூன்று, இரண்டாவது வருகையில் ஐந்து. மொத்தம் இருபது ஆகிவிட்டது. கல்யாண நாளுக்குக் கால் பங்கு, அதற்கு மேல் வேண்டாம்.

அந்த ஐந்தையும் யோசித்து எடுங்கள். தாலி கட்டும் நேரத்தில் இருவர் முகமும் தெரிய ஒன்று கட்டாயம். சடங்கு நடந்த இடத்தில் இருவரும் நேரில் இல்லாமல் நடந்த கல்யாணத்தை, மிகச் சில விலக்குகள் போக, கனடா 2015 ஜூன் முதல் ஏற்பதில்லை. இரு பக்கத்துப் பெற்றோரும் சேர்ந்து நிற்பது ஒன்று. பந்தியோ சபையோ நிறையத் தெரியும்படி தூரத்திலிருந்து எடுத்தது ஒன்று, ஏனென்றால் எத்தனை பேர் வந்தார்கள் என்று பாரத்தில் எழுதியிருப்பீர்கள். மண்டப வாசலில் பெயரும் தேதியும் போட்ட ஃப்ளெக்ஸ் முன்னால் ஒன்று. கடைசி ஒன்று அண்ணன், தங்கை, நண்பர்களோடு.

ஸ்டூடியோ ஆல்பத்தின் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து வைக்காதீர்கள். அதில் ஆறு படத்தை வெட்டி ஒட்டிப் பின்னால் அருவியும் மேகமும் சேர்த்திருப்பார்கள். உண்மையில் நடந்த கல்யாணத்தையே அது ஒட்டுவேலை போலக் காட்டிவிடும். முகத்தை வெளுப்பாக்கிய படத்துக்கும் இதே கதிதான், பாஸ்போர்ட் முகத்தோடு ஒத்துப்போகாது. கை வைக்காத அசல் ஃபைல்களை ஸ்டூடியோவில் கேட்டு வாங்குங்கள். சில மாதத்தில் அழித்துவிடும் ஸ்டூடியோக்கள் உண்டு, கல்யாணமான கையோடு கேட்பது நல்லது.

என் கணக்கில் இந்த இருபதில் அதிக வலு உள்ளவை இரண்டாவது வருகைப் படங்கள். கல்யாணத்துக்காக வந்தவன் கல்யாணம் முடிந்தும் மனைவியைத் தேடி வந்திருக்கிறான் என்று அவை சொல்கின்றன. இவற்றை நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள், சித்தி மகளின் போனிலோ மாமாவின் போனிலோ கிடக்கும். அக்கா குழந்தையின் காதுகுத்தில் ஓரமாக நிற்பது, கல்பாத்தித் தேர் பார்க்கப் போனபோது கூட்டத்தில் எடுத்தது, படுத்திருக்கும் பாட்டியின் கட்டிலருகே இருவரும் உட்கார்ந்திருப்பது. ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்குங்கள்.

உதாரணமாக ஒரே ஒரு படம். சமையலறை. பெண் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு தோசை ஊற்றுகிறாள். பையன் கைலியோடு திட்டில் சாய்ந்து டம்ளரை ஆற்றிக்கொண்டிருக்கிறான். இருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. பின்சுவரில் தினசரி காலண்டர், பெரிதாக்கினால் நவம்பர் 14 என்று படிக்கலாம். அடுப்படி அலங்கோலமாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டு இதைத்தான் முதலில் ஒதுக்குவார்கள். மேடையில் எடுத்த பத்துப் படத்தைவிட இதைத்தான் நான் முன்னால் வைப்பேன். படுக்கையறை நெருக்கப் படங்கள் வேண்டாம், அவற்றை யாரும் கேட்கவில்லை.

அடுத்தது தேதி. நல்ல படங்களையே சந்தேகத்துக்கு உள்ளாக்குவது இதுதான். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தேதி, ஊர், யார் யார், என்ன உறவு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதும்போது போன் கேலரி காட்டும் தேதியை அப்படியே பார்த்து எழுதிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு எடுத்த நேர விவரம் கழன்றுபோயிருக்கும். IMG-20230910-WA0014.jpg என்று பெயர் இருந்தால், அது வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த நாள் செப்டம்பர் 10. எடுத்தது 3ஆம் தேதியாக இருக்கலாம். இன்னொன்று, டொராண்டோவிலிருந்து கொண்டுவந்த கேமராவின் கடிகாரம். செப்டம்பரில் நமக்கும் அங்கேயும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். இங்கே 3ஆம் தேதி காலை ஏழு மணி முகூர்த்தம், கேமராவில் 2ஆம் தேதி இரவு ஒன்பதரை. அதைப் பார்த்து எழுதினால் சான்றிதழில் ஒரு நாள், படத்தில் வேறொரு நாள்.

அதனால் முதலில் ஒரு தாளில் நாள்வரிசை போடுங்கள். பாஸ்போர்ட் முத்திரை, போர்டிங் பாஸ், அழைப்பிதழ், மண்டப ரசீது, பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றிலிருந்து தேதிகளை எடுத்து எழுதி, படங்களை அந்த வரிசையில் பொருத்துங்கள். படத்தின் மூலையில் தவறான தேதி பதிந்திருந்தால் அழிக்க வேண்டாம். கேமரா கனடா நேரத்தில் இருந்தது என்று கீழே ஒரு வரி எழுதினால் போதும். நாள் சரியாக நினைவில்லை என்றால் "நவம்பர் 2024" என்று மாதத்தோடு நிறுத்துங்கள், ஊகித்து எழுதாதீர்கள். கேரளப் பொதுத் திருமணப் பதிவு விதிப்படி 45 நாளுக்குள் உள்ளாட்சியில் பதிய வேண்டும். அன்றைக்கு அலுவலக வாசலில் ஒரு படம் எடுத்திருந்தால் சான்றிதழின் தேதியோடு நேரே பொருந்தும்.

அடுக்கும் வேலை சுலபம். ஏ4 பக்கத்துக்கு இரண்டு படம், கால வரிசையில், பத்துப் பக்கம், ஒரே பி.டி.எஃப். நீளப் பக்கம் 1200 பிக்சல் அளவுக்குச் சுருக்கினால் முகம் தெளிவாகவே இருக்கும், ஃபைலும் கனக்காது. அளவு வரம்பு பதிவேற்றும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஃப்ளெக்ஸில் தமிழோ மலையாளமோ இருந்தால் அதன் பொருளைக் கீழ்வரியில் சொல்லிவிடுங்கள். அழைப்பிதழைத் தனி ஆவணமாக வைத்தால் முறையான மொழிபெயர்ப்பு வேண்டும். வீடியோ கால் ஸ்கிரீன்ஷாட்டுகளை இந்த இருபதில் சேர்க்காதீர்கள். அவை பேச்சுத் தொடர்புக்கான சான்று, அதற்கென்று பத்துப் பக்கம் தனியாக உண்டு.

படம் குறைவாக இருக்கிறதே என்று, நாலு சேலையை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் மலம்புழாவுக்கும் பொள்ளாச்சிக்கும் போய் நாலு தேதி போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அதே மருதாணி, அதே நகப்பூச்சு, அதே தாடி நீளம் நாலு மாதத்துப் படங்களிலும் இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடம் கனடாவுக்குள் நுழையத் தடை. உண்மையான கல்யாணம் வீணாக அதில் மாட்டிக்கொள்ளும். பன்னிரண்டு படம்தான் இருக்கிறது என்றால் பன்னிரண்டையே வையுங்கள். ஏன் குறைவு என்று ஒரு பத்தி எழுதி, பயணச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, நாமினியாகச் சேர்த்த தாள் ஆகியவற்றைக் கூட வையுங்கள்.

அனுப்பும் முன்னால் ஒரு மாலை, இருவரும் போனில் இருந்துகொண்டு முதல் படத்திலிருந்து இருபதாவது வரை பாருங்கள். நேர்காணலுக்குக் கூப்பிட்டால் இதே படத்தைக் காட்டி, "இவர் யார்?" என்று அதிகாரி கேட்கலாம். மாப்பிள்ளையின் பெரியப்பா பெயர் பெண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பையன் சொல்லட்டும். இருவருக்குமே பெயர் தெரியாத ஆள் நடுவில் நிற்கும் படம் என்றால் வேறொன்றை மாற்றி வையுங்கள். அசல் ஃபைல்களை எடுத்த போனிலும், ஒரு பென்டிரைவிலும், பெண் கனடாவில் போய் இறங்கும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

வணக்கம்.