அட்டையின் முதல் வரி

நேயர்களுக்கு வணக்கம். பல வருடங்களாகப் பள்ளி மாணவர்களை விவாதப் போட்டிக்குத் தயார் செய்து வருகிறேன். மறுப்புரையையும் குறுக்குக் கேள்விகளையும் முன்கூட்டியே எப்படித் தயார் செய்வது என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். வீட்டில் எழுதிக்கொண்டு வந்ததை மேடையில் ஒப்பிக்கிறார்கள் என்ற எண்ணம் நடுவருக்கு வரக் கூடாது. அதே சமயம் வெறுங்கையோடும் போகக் கூடாது.

ஒரு போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். தலைப்பு, 'மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவருவதை முற்றிலும் தடை செய்ய வேண்டும்' என்பது. எங்கள் பிள்ளைகள் வெட்டிப் பேசும் அணி. எதிரணி கவனச் சிதறலைப் பற்றிப் பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அதற்கு ஒரு மறுப்பை அழகாக எழுதி, மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். 'படிக்கும் பிள்ளை கைப்பேசி இருந்தாலும் படிக்கும், படிக்காத பிள்ளை கைப்பேசி இல்லாவிட்டாலும் படிக்காது' என்பதுதான் அதன் சாரம். சொல்லும்போது ஓசை நயமாக இருக்கும். ஒத்திகையில் கைதட்டல்கூட வாங்கியது.

எதிரணியின் முதல் பேச்சாளர் எழுந்து, 2015-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வெளியிட்ட ஓர் ஆய்வை எடுத்துச் சொன்னார். இங்கிலாந்தின் 4 நகரங்களில் 91 பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு அது. கைப்பேசியைத் தடை செய்த பிறகு 16 வயது மாணவர்களின் பொதுத்தேர்வு மதிப்பெண் உயர்ந்தது. அதில் முக்கியமான செய்தி என்னவென்றால், உயர்வு முழுவதும் ஏற்கெனவே பின்தங்கியிருந்த மாணவர்களிடம்தான் தெரிந்தது. நன்றாகப் படிப்பவர்களிடம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

அடுத்து எங்கள் மாணவி எழுந்தாள். 'படிக்கும் பிள்ளை கைப்பேசி இருந்தாலும் படிக்கும்' என்று தொடங்கினாள். அது எதிரணி சொன்னதைத்தான் உறுதி செய்தது. நன்றாகப் படிப்பவருக்குத் தடையால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. பலன் பின்தங்கியவருக்கு என்றுதானே அவர்கள் சொன்னார்கள். வரியின் மறுபாதியோ, அவர்கள் ஆய்வோடு சொன்னதை ஆதாரமே இல்லாமல் மறுத்தது. நடுவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனா நிற்கிறது என்றால், பேச்சு எதிரணியை விட்டுத் தனியாகப் போய்விட்டது என்று அர்த்தம். அன்று தவறு அந்தப் பெண்ணுடையது அல்ல. ஒரு முழு வாக்கியத்தை அவள் கையில் கொடுத்து அனுப்பிய என்னுடையது.

அதற்குப் பிறகு மறுப்பு அட்டையில் முழு வாக்கியம் எழுதுவதை நிறுத்திவிட்டோம். இப்போது அட்டை எப்படி இருக்கும் என்று இதே தலைப்பை வைத்துச் சொல்கிறேன்.

உள்ளங்கை அளவு அட்டை. மேலே, எதிரணி சொல்லக்கூடிய வாதம் நாலைந்து சொற்களில்: 'தடை, பின்தங்கியோர், மதிப்பெண் உயர்வு'. அதற்குக் கீழே ஒரு வரி காலி. அதை அரங்கத்தில்தான் நிரப்ப வேண்டும். எதிரணி அந்த வாதத்தை எந்தச் சொல்லால் சொன்னதோ, அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அன்றைய பேச்சாளர் 'கடைசி பெஞ்சுக்குக் கிடைத்த நீதி' என்று ஒரு சொற்றொடர் சொன்னார். காலி வரியில் வர வேண்டியது அதுதான்.

அடுத்த வரியில் நம் பதில் எந்த வகை என்பது இருக்க வேண்டும். அவர்கள் சொன்னது பொய் என்கிறோமா, உண்மைதான் ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்கிறோமா, பொருந்தும் ஆனால் அதற்கு இவ்வளவு பெரிய தடை தேவையில்லை என்கிறோமா? இதைப் போட்டிக்கு முன்பே தீர்மானிக்காத மாணவர்கள் மேடையில் மூன்றையும் கலந்து பேசிவிடுவார்கள். ஒரே மூச்சில் ஆய்வு தவறு என்றும், ஆய்வு சரிதான் என்றும் சொல்லிவிடுவார்கள். இந்த அட்டைக்கு நாங்கள் எடுத்தது இரண்டாவது வகை.

பிறகு ஆதாரம். சுவீடன் நாட்டுப் பள்ளிகளை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், தடையால் மதிப்பெண்ணில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அட்டையில் 'சுவீடன், 2020, மாற்றம் இல்லை' என்று இருந்தால் போதும். கடைசி வரி, இதனால் தலைப்புக்கு என்ன ஆகிறது என்பது: 'ஒரு நாட்டுப் பலன், முழுத் தடைக்குப் போதாது'.

அட்டை அவ்வளவுதான். வாக்கியம் அரங்கத்தில் பிறக்க வேண்டும். 'கடைசி பெஞ்சுக்குக் கிடைத்த நீதி என்றீர்கள். இங்கிலாந்தில் கிடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். சுவீடனில் அதே கடைசி பெஞ்சுக்கு ஏன் கிடைக்கவில்லை?' என்று ஒரு மாணவி சொன்னால், அதில் பாதி வீட்டில் தயாரானது என்று யாரும் சொல்ல முடியாது. முதல் வாக்கியம் எதிரணியுடையது. அது அன்று காலை இந்த உலகத்திலேயே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுவீடன் ஆய்வு வந்துவிட்டதால் இங்கிலாந்து ஆய்வு பொய்யாகிவிடாது. அப்படிப் பேசினால் நல்ல நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார், குறைக்கவும் வேண்டும். 'எல்லா இடத்திலும் நடக்கும் என்று சொல்ல முடியாது' என்பதுதான் அந்த ஆதாரம் தாங்கும் எடை.

தமிழில் பேசும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எழுதி மனப்பாடம் செய்த பகுதி தூய செந்தமிழில் இருக்கும். அரங்கத்தில் யோசித்துச் சொல்லும் பகுதி இயல்பான பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். 'அவங்க சொன்னது என்னன்னா' என்று தொடங்கிய பிள்ளை, அடுத்த நொடியில் 'கானல் நீரைக் கண்டு கடலென மயங்கும் எதிரணித் தோழர்களே' என்று மாறினால் தையல் பளிச்சென்று தெரியும். கேட்பவருக்கு வேறு சாட்சியே வேண்டாம். அதனால் ஒத்திகை முழுவதையும் ஒரே நடையில் நடத்துங்கள். மேடைத் தமிழ்தான் வேண்டும் என்றால், காலி வரியிலிருந்து பிறக்கும் வாக்கியத்தையும் மேடைத் தமிழிலேயே சொல்லிப் பழக வேண்டும். அப்புறம் அந்தக் கானல் நீர் வரியை எடுத்துவிடுங்கள். மதுவிலக்குத் தலைப்பிலும், மரம் வளர்ப்புத் தலைப்பிலும் அப்படியே பொருந்தும் வரி அது. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் வரி எதையும் மறுப்பதில்லை.

சரி, குறுக்குக் கேள்விக்கு வருவோம். எல்லாப் போட்டியிலும் விதி ஒன்றாக இருக்காது. சிலவற்றில் ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் கேள்வி நேரம் தனியாக உண்டு. உலகப் பள்ளிகள் விவாத முறையில் 8 நிமிடப் பேச்சின் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர மற்ற நேரத்தில் எழுந்து இடைக்கேள்வி கேட்கலாம். பேசுபவர் விரும்பினால் ஏற்பார், கேள்வி 15 வினாடிக்குள் முடிய வேண்டும். எந்த விதியாக இருந்தாலும், கேள்வியைத் தயார் செய்வதில் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். கேள்வியை மட்டும் எழுதுகிறார்கள். பதில் வந்த பிறகு என்ன செய்வது என்று எழுதுவதில்லை. எதிரணி என்ன பதில் சொன்னாலும் இரண்டாவது கேள்வியை அப்படியே படிக்கிறார்கள். ஒப்பிக்கிறார்கள் என்பது அங்கேதான் வெளிப்படுகிறது.

கைப்பேசித் தலைப்பில் எதிரணி பெரும்பாலும் பிரான்ஸ் நாட்டை எடுத்துக்காட்டும். 2018-இல் அங்கே சட்டம் வந்தது உண்மை. ஆனால் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் அந்தச் சட்டம் தடுத்தது கைப்பேசியைப் பயன்படுத்துவதைத்தான். நம் தலைப்போ கொண்டுவருவதையே தடுக்கச் சொல்கிறது. இந்த இடைவெளிதான் நம் கேள்வி: 'பிரான்ஸ் சட்டம் தடுத்தது கைப்பேசி கொண்டுவருவதையா, பயன்படுத்துவதையா?'

இதற்கு மூன்று பதில் வரலாம். 'பயன்படுத்துவதை' என்றால், நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். 'அப்படியானால் உங்கள் உதாரணம் உங்கள் தலைப்பையே தாங்கவில்லையே' என்று அப்போதே சொல்லத் துடிக்கும். சொன்னால் எதிரணிக்கு விளக்கம் தர ஒரு வாய்ப்பு கிடைக்கும். அந்த முடிவை நம் அடுத்த பேச்சுக்கு வைத்திருக்க வேண்டும். 'கொண்டுவருவதை' என்று தவறாகச் சொன்னால், வாக்குவாதம் வேண்டாம். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, நம் பேச்சில் சட்டம் சொல்வதை எடுத்துச் சொல்லலாம். மூன்றாவதுதான் அடிக்கடி வரும்: 'இரண்டும் ஒன்றுதான்' என்று நழுவுவார்கள். அதற்குத்தான் இரண்டாவது கேள்வி: 'கைப்பேசியை அணைத்துப் பையில் வைத்திருக்கும் மாணவி அந்தச் சட்டத்தை மீறுகிறாளா?' இதற்கு ஆம், இல்லை தவிர வேறு வழி இல்லை.

ஆக, இரண்டு கேள்விக்கு அட்டையில் ஒரு சின்ன மரம் வரைந்தாற்போல மூன்று கிளை இருக்கும். பேச்சில் அதைப் பயன்படுத்தும்போது, 'சற்று முன் நான் கேட்டபோது இரண்டும் ஒன்றுதான் என்றார்' என்று அவர் சொன்ன சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும். மறுப்பு அட்டையின் காலி வரிதான் இது, வேறு இடத்தில்.

இதைப் பழக்க நாங்கள் செய்வது ஒன்று. மூன்று பேரை உட்கார வைப்போம். ஒரே வாதத்தை ஒருவர் புள்ளிவிவரமாகச் சொல்வார், ஒருவர் கவலைப்படும் அம்மாவாகச் சொல்வார், ஒருவர் ஒரு கதையாகச் சொல்வார். ஒரே அட்டையை வைத்துக்கொண்டு மூவருக்கும் 30 வினாடியில் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலின் முதல் வாக்கியத்திலும் அவரவர் சொன்ன சொல் ஒன்று இருந்தாக வேண்டும். மூன்று பதிலும் ஒன்றுபோல ஒலித்தால், அந்தப் பிள்ளை இன்னும் அட்டையைத்தான் கேட்கிறது, எதிரே இருப்பவரைக் கேட்கவில்லை. நாலாவதாக ஒருவரை, எந்த அட்டையிலும் இல்லாத வாதம் ஒன்றைச் சொல்லச் சொல்வோம். அப்போது அட்டையைக் கீழே வைக்கிறார்களா, அல்லது பக்கத்தில் இருக்கும் ஏதோ ஓர் அட்டையை இழுத்து ஒட்டுகிறார்களா என்று பார்ப்போம்.

ஒரு பேச்சாளருக்கு ஆறேழு அட்டைக்கு மேல் வேண்டாம். முப்பது அட்டை வைத்திருக்கும் பிள்ளை எதிரணி பேசும்போது அட்டை தேடிக்கொண்டிருக்கும், காது மூடிவிடும். போட்டி முடிந்தபோது பாதி அட்டைகளில் காலி வரி காலியாகவே இருந்தால் கவலைப்பட வேண்டாம். அந்த வாதங்களை எதிரணி சொல்லவில்லை, நம் பிள்ளையும் அவற்றுக்குப் பதில் சொல்லவில்லை. அந்த அட்டைகளை அடுத்த போட்டிக்கு எடுத்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.